சொன்னதும் சொல்லாததும்: டாராசாஃப் வழக்கும் இரகசியத்தின் எல்லையும்

1969ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஒருவர், பல்கலைக்கழகக் காவல் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்மிடம் சிகிச்சைக்கு வரும் மாணவன் ஒருவன் கடுமையான மனச்சிதைவுக்கு ஆளாகியிருக்கிறான். தன்னை வஞ்சித்துவிட்டதாக அவன் நம்பும் ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாக மிரட்டி வருகிறான். அவனைப் பிடித்து மனநல மருத்துவமனையில் கண்காணிப்பில் வைக்க உதவ வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு சிகிச்சையாளர் தம் நோயாளியின் இரகசியத்தை உடைத்து எழுதிய கடிதம் அது. ஓர் உயிரைக் காக்க வேண்டுமென்றே எழுதப்பட்டது. இரண்டு மாதங்கள் கழித்து, அக்டோபர் 27 அன்று, அந்தப் பெண் கொல்லப்பட்டாள். அப்படியொரு கடிதம் எழுதப்பட்டது என்பது சாகும்வரை அவளுக்குத் தெரியாது.

மருத்துவ அறத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த வழக்கைக் குறிப்பிடாமல் கடந்து போவதில்லை. ஆனால் பெரும்பாலும் அது சுருக்கிச் சொல்லப்படுகிறது: 'சிகிச்சையாளர் இரகசியத்தைக் காத்தார், அதனால் ஒரு பெண் இறந்தாள், எனவே நீதிமன்றம் இனி சொல்லியாக வேண்டும் என்றது.' இந்தச் சுருக்கம் தவறானது. சிகிச்சையாளர் வாய் திறக்காமல் இருக்கவில்லை. அவர் சொன்னார். சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை என்பதே அந்த வழக்கின் உள்ளடக்கம். இரகசியத்தை எப்போது உடைக்கலாம் என்ற கேள்விக்குள், யாரிடம் உடைப்பது, எவ்வளவு உடைப்பது, உடைத்த பிறகு என்ன செய்வது என்ற மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றை இந்த வரலாற்றின் வழியாகவே பார்ப்பது நல்லது.

*

மருத்துவரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்பது நம்மிடையே வழங்கும் பேச்சு. அது நோயாளிக்குச் சொல்லப்படும் அறிவுரை. அதன் மறுபாதி மருத்துவருக்கானது: மறைக்காமல் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது. முதல் பாதி நிற்பதே இரண்டாவது பாதியின் பலத்தில்தான். கேட்டது வெளியே போகும் என்று தெரிந்தால் எவன் வாய் திறப்பான்?

ஆயினும் இந்த விதிக்கு விலக்கு உண்டு என்பதை டாராசாஃப் வழக்குக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு நீதிமன்றம் ஏற்றிருந்தது. 1920இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு அது. சிற்றூர் ஒன்றில் தொலைபேசி நிறுவன வேலையாகத் தங்கியிருந்த ஒருவர், உடலில் புண்கள் தோன்றவே, ஸ்வென்சன் என்ற மருத்துவரிடம் போனார். மேகநோயாக இருக்கலாம் என்று மருத்துவர் ஐயுற்றார். உறுதி செய்யும் இரத்தப் பரிசோதனைக்கு அங்கே வசதி இல்லை. நோயாளி தங்கியிருந்த சிறு விடுதிக்கும் அவரே மருத்துவர். 'இது தொற்றக்கூடியது, விடுதியை விட்டுப் போய்விடுங்கள்' என்று முதலில் நோயாளியிடமே சொன்னார். அவரும் போய்விடுவதாக ஒப்புக்கொண்டார்; ஆனால் போகவில்லை. அதன் பிறகே மருத்துவர் விடுதி நடத்திய பெண்மணியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் அறையைக் கிருமிநாசினி கொண்டு சுத்தம் செய்து, நோயாளியின் உடைமைகளைக் கூடத்தில் எடுத்து வைத்துவிட்டார். நோயாளி மருத்துவர் மேல் வழக்குத் தொடுத்தார்.

நீதிமன்றம் மருத்துவர் பக்கம் நின்றது. நோய் இதுதான் என்று நிரூபணமாகாத நிலையிலும், தக்க காரணத்தோடும் நல்லெண்ணத்தோடும், நோய் பரவாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும் சொன்னதால் அவர் குற்றவாளி அல்லர் என்றது. இந்தச் சிறிய வழக்கில் அவர் நடந்துகொண்ட வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் நோயாளிக்கே வாய்ப்புத் தருகிறார். அது பலிக்காதபோது, ஆபத்துக்கு நேராக ஆளாகக்கூடிய, அதைத் தடுக்கவும் கூடிய ஒருவரிடம் சொல்கிறார். ஊரெல்லாம் சொல்லவில்லை. பின்னால் வந்த சட்ட விவாதங்கள் எத்தனையோ பக்கங்களில் தேடியது ஏறக்குறைய இந்த வரிசையைத்தான்.

ஆனால் ஒன்று உண்டு. ஸ்வென்சன் 'சொல்லலாம்' என்றுதான் அந்தத் தீர்ப்பு கூறியது. 'சொல்லியிருக்க வேண்டும்' என்று கூறவில்லை. அவர் பேசாமல் இருந்திருந்தால் என்ன என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. அனுமதிக்கும் கடமைக்கும் இடையில் இருக்கும் இந்தப் பள்ளத்தைத் தாண்டியது 1976ஆம் ஆண்டின் தீர்ப்பு.

*

கொலை செய்தவர் ஓர் இந்தியர் என்பது நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திராது. புரோசென்ஜித் போத்தார் வங்காளத்தில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சமூகமொன்றில் பிறந்தவர். கப்பல் கட்டுமானத் துறையில் மேற்படிப்புக்காக 1967இல் பெர்க்லி வந்து, அயல்நாட்டு மாணவர்கள் தங்கும் சர்வதேச இல்லத்தில் தங்கினார். 1968இன் இலையுதிர் காலத்தில் அங்கு நடந்த நாட்டுப்புற நடன வகுப்பில் தாத்தியானா டாராசாஃப் என்ற பெண்ணோடு பழக்கமாயிற்று. ஆண்டின் கடைசி இரவில் அவள் அவருக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். அந்த ஊரின் புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் அதற்குப் பெரிய பொருள் இல்லை. அவரோ அதை ஓர் உறுதிமொழியாக எடுத்துக்கொண்டார். அப்படி எதுவும் இல்லை, தனக்கு வேறு நண்பர்கள் உண்டு என்று அவள் சொன்னபோது அவர் நொறுங்கிப் போனார். படிப்பை விட்டார், உடலைக் கவனிக்கவில்லை, தனியே அழுதார். அவளோடு பேசிய பேச்சுகளை ஒலிநாடாவில் பதிவு செய்து, அவள் ஏன் தன்னை விரும்பவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

1969 கோடையில் தாத்தியானா பிரேசிலுக்குப் போனாள். நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் போத்தார் பல்கலைக்கழகத்தின் கவல் நினைவு மருத்துவமனைக்கு வந்தார். மனநல மருத்துவர் ஸ்டூவர்ட் கோல்ட் முதலில் பார்த்தார். பிறகு லாரன்ஸ் மூர் என்ற உளவியலாளரிடம் அமர்வுகள் தொடங்கின. அந்த அமர்வுகளில்தான், பிரேசிலிலிருந்து அவள் திரும்பி வந்ததும் கொன்றுவிடப் போகும் எண்ணம் வெளிப்பட்டது. பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் யார் என்று கண்டுபிடிப்பது கடினமாக இல்லை.

மூர் இதை மறைக்கவில்லை. கோல்டோடும், துறை இயக்குநரின் உதவியாளரான இன்னொரு மருத்துவரோடும் கலந்து பேசினார். மூவரும் ஒத்த கருத்துக்கு வந்தனர். ஆகஸ்டு 20 அன்று மூர் பல்கலைக்கழகக் காவலர்களிடம் வாய்மொழியாகச் சொன்னார். பிறகு காவல் துறைத் தலைவர் வில்லியம் பீலுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் இரண்டு விவரங்கள் முக்கியமானவை. துப்பாக்கி வாங்கி அவளைக் கொல்லப் போவதாகப் போத்தார் வெளிப்படையாகச் சொன்னது தம் நண்பர் ஒருவரிடம். தம்மிடம் அவர் சற்றுப் பூடகமாகவே பேசினார் என்று மூர் எழுதினார். இன்னொன்று: இவர் சில நேரங்களில் முற்றிலும் தெளிந்த மனிதராகத் தோன்றுவார், சில நேரங்களில் முற்றிலும் பிறழ்ந்தவராக இருப்பார் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

காவலர்கள் மூவர் போத்தாரைப் பிடித்து விசாரித்தனர். அவர் தெளிவாகப் பேசினார். தாத்தியானாவை நெருங்குவதில்லை என்று வாக்களித்தார். தெளிவாகத்தான் இருக்கிறார் என்று முடிவு செய்து விட்டுவிட்டார்கள். எந்தத் தோற்றத்தைக் கண்டு ஏமாறக் கூடாது என்று கடிதம் சொல்லியதோ, அந்தத் தோற்றமே போதுமான சான்றாகிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். மனநலத் துறை இயக்குநர் ஹார்வி பவல்சன், அந்தக் கடிதத்தைத் திருப்பித் தருமாறு காவல் துறையைக் கேட்டுக்கொண்டார். கடிதத்தின் படிகளையும் மூரின் சிகிச்சைக் குறிப்புகளையும் அழிக்கும்படி ஆணையிட்டார். போத்தாரை எழுபத்திரண்டு மணி நேரக் கண்காணிப்பில் வைப்பதற்கான மேல்நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்றார். போத்தார் அதன்பின் சிகிச்சைக்கு வரவில்லை. தாத்தியானாவின் சகோதரனோடு பழகி, அவள் வீட்டுக்கு அருகிலேயே அவனோடு ஒரு குடியிருப்பில் சேர்ந்து தங்கினார். அவள் பிரேசிலிலிருந்து திரும்பினாள். அக்டோபர் 27 அன்று பெல்லட் துப்பாக்கியும் சமையலறைக் கத்தியும் எடுத்துக்கொண்டு அவர் அவள் வீட்டுக்குப் போனார். அவள் அலறினாள். சுட்டார்; ஓடியவளைத் துரத்திப் பிடித்துக் கத்தியால் குத்திக் கொன்றார். பிறகு தாமே காவல் துறையை அழைத்தார்.

*

இரகசியம் காத்தலை ஆதரிக்கும் வாதம், எதிர்க்கும் வாதம் என்று இரண்டு தராசுத் தட்டுகளை வைத்துப் பார்ப்பது வழக்கம். ஒரு தட்டில் நோயாளியின் நம்பிக்கை. அது போனால் சிகிச்சை போகும், சிகிச்சை போனால் ஆபத்தைத் தணிக்கும் ஒரே வழியும் போகும். மறு தட்டில் மூன்றாம் மனிதரின் உயிர். எது கனம் என்று கேட்பார்கள்.

பெர்க்லியில் நடந்ததை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். காவலர்கள் வந்து விசாரித்த நாளிலேயே இரகசியம் உடைந்துவிட்டது. தாம் நம்பிச் சொன்னது காவல் துறையின் கைக்குப் போயிற்று என்று போத்தாருக்குத் தெரிந்தது, சிகிச்சை முறிந்தது. அதாவது இரகசியத்தை உடைப்பதால் வரக்கூடிய இழப்பு முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கிடைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு மட்டும் கிடைக்கவில்லை. விலை முழுதாகக் கொடுக்கப்பட்டது, பொருள் கைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு கடிதத்தை அழித்து இரகசியத்தைக் 'காப்பது' என்பது, உடைந்த பானையின் வாயைத் துணியால் கட்டுவது போன்றது. உள்ளே ஒன்றும் இல்லை.

ஆகவே இந்த நிகழ்வில் தவறு, இரகசியத்துக்கும் உயிருக்கும் இடையில் தவறாகத் தேர்ந்தெடுத்ததில் இல்லை. உடைப்பது என்று தீர்மானித்தபின், அந்தத் தீர்மானத்தைக் கடைசிவரை கொண்டு போகாததில் இருக்கிறது. காவலர்கள் விட்டுவிட்டார்கள் என்று தெரிந்த அந்தக் கணத்தில் முதல் வழி அடைபட்டது. ஆபத்து குறையவில்லை, சினமும் அவமானமும் சேர்ந்து கூடியிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது எஞ்சியிருந்த வழி, அவளிடமோ அவளுக்குத் தெரிவிக்கக் கூடியவர்களிடமோ சொல்வது. அவள் பிரேசிலில் இருந்தாள் என்பது ஒரு தடையே அல்ல; திரும்பி வருவதற்கு முன் வீட்டாரிடம் சொல்லக் கால அவகாசம் இருந்தது என்றுதான் அதற்குப் பொருள். சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் தன்னைக் கொல்லத் துடிக்கும் ஒருவரோடு தன் சகோதரன் ஒரே வீட்டில் தங்குவதை அறிந்தே ஏற்றிருப்பாளா?

*

தாத்தியானாவின் பெற்றோர், பல்கலைக்கழக நிர்வாகம், சிகிச்சையாளர்கள், காவலர்கள் ஆகியோர்மேல் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் வழக்கே செல்லாது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிகிச்சையாளருக்குத் தம் நோயாளியிடம் மட்டுமே கடமை, முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம் என்ன கடமை என்பது அதன் தர்க்கம்.

கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1974 டிசம்பரில் இதை மாற்றியது. ஆபத்தில் இருப்பவரை எச்சரிக்கும் கடமை உண்டு என்றது. சிகிச்சையாளர்களும் காவலர்களும் அரைகுறையாகச் செய்து முடித்த முயற்சியே போத்தாரைச் சிகிச்சையிலிருந்து விரட்டி ஆபத்தைக் கூட்டியிருக்கலாம், அதனாலும் எச்சரிக்கும் பொறுப்பு அவர்களுக்கு வருகிறது என்றது. மனநல மருத்துவ உலகம் கொதித்தெழுந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் உட்படப் பலர் மறுபரிசீலனை கோரினர். நீதிமன்றம் அரிதாகவே செய்வதைச் செய்தது: மறுவிசாரணைக்கு ஒப்புக்கொண்டது. 1976 ஜூலை 1 அன்று வந்த இரண்டாவது தீர்ப்பே இன்றும் மேற்கோள் காட்டப்படுவது.

நீதிபதி மேத்யூ டோப்ரினர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதம் படிப்படியாகச் செல்கிறது. இன்னொருவரின் செயலைக் கட்டுப்படுத்தும் கடமை பொதுவாக யாருக்கும் இல்லை. ஆனால் அபாயத்தை உண்டாக்குபவரோடு தனித்த உறவு இருந்தால் அந்தக் கடமை பிறக்கிறது. தொற்றுநோயாளியின் வீட்டாரை எச்சரிக்க வேண்டியது மருத்துவர் கடமை என்று முன்பே நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. சிகிச்சையாளரின் நிலையும் அத்தகையதே. நோயாளியின் அந்தரங்கம் மதிப்புக்குரியது. ஆனால் பிறர் உயிருக்கு ஆபத்து தொடங்கும் எல்லையில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டும்போதும், நோயாளியின் மானத்தை இயன்றவரை காக்கும் விதத்தில், அடக்கமாகவே சொல்ல வேண்டும்.

மறுவிசாரணையில் ஒரு சொல் மாறியது. அந்த மாற்றம் சிறியதல்ல. 'எச்சரிக்கும் கடமை' என்பது 'காக்கத் தக்க முயற்சி எடுக்கும் கடமை' ஆயிற்று. எச்சரிப்பது பல வழிகளில் ஒன்று. காவல் துறையிடம் சொல்லலாம், மருத்துவமனையில் சேர்க்கலாம், சூழ்நிலைக்கு ஏற்ற வேறு எதையும் செய்யலாம். காவலர்கள் இம்முறை பொறுப்பிலிருந்து விடுபட்டனர். அவரை அடைத்து வைக்காததற்காகச் சிகிச்சையாளர்கள்மேல் வழக்குத் தொடுக்கவும் சட்டத்தில் இடமில்லை. எஞ்சியது எச்சரிக்காமல் விட்டது ஒன்றுதான்.

எதிர்த்த நீதிபதிகளின் வாதங்களை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. வில்லியம் கிளார்க் மூன்று காரணங்கள் சொன்னார். இரகசியம் உறுதியில்லை என்றால் உதவி தேவைப்படுபவர்கள் வரவே மாட்டார்கள். வந்தாலும் உள்ளே இருப்பதை முழுதாகச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் நம்பிக்கை இல்லாத உறவில் சிகிச்சை பலிக்காது. வழக்குக்கு அஞ்சும் சிகிச்சையாளர்கள் தேவையற்றவர்களையும் மருத்துவமனையில் அடைப்பார்கள், மொத்தத்தில் வன்முறை கூடும் என்பது அவர் அச்சம். ஸ்டான்லி மாஸ்க் நடுவில் நின்றார். இந்த வழக்கில் சிகிச்சையாளர்கள் ஆபத்தை உண்மையிலேயே கணித்தார்கள். ஆகவே எச்சரித்திருக்க வேண்டும் என்பதை ஒப்புகிறேன். ஆனால் தொழிலின் தரப்படி 'கணித்திருக்க வேண்டும்' என்று சொல்வதை ஏற்கமாட்டேன், வன்முறையைக் கணிப்பதற்கு அப்படியொரு தரமே கிடையாது என்றார்.

மாஸ்க் தொட்டது சரியான இடம் என்றே தோன்றுகிறது. கொலை செய்யப் போவதாகச் சொல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கொல்வதில்லை. 'அவனைக் கொன்றால்தான் ஆத்திரம் அடங்கும்' என்பது நம் வீட்டுத் திண்ணைகளிலும் அன்றாடம் கேட்கும் பேச்சு. அந்தப் பேச்சைப் பேசித் தீர்ப்பதற்காகவே ஒருவன் சிகிச்சையாளரிடம் போகிறான். அதில் எது செயலாக மாறும் என்று முன்கூட்டியே அறியும் கருவி 1976இலும் இல்லை, இன்றும் இல்லை. பெரும்பான்மைத் தீர்ப்பு இதற்குச் சொன்ன பதில், கணிப்பில் பிழையே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை, தக்க கவனத்தையே கேட்கிறோம் என்பது. தேவையில்லாமல் சில எச்சரிக்கைகள் போய்ச் சேர்ந்தாலும், காக்கப்படும் உயிர்களுக்கு அது கொடுக்கத் தகுந்த விலை என்றும் சொன்னது.

*

பின்வந்த ஆண்டுகளில் இந்தக் கடமைக்குக் கரைகள் கட்டப்பட்டன. 1980இல் இதே நீதிமன்றத்துக்கு ஒரு கொடிய வழக்கு வந்தது. காவலில் இருந்த சிறார் குற்றவாளி ஒருவன், வெளியே விட்டால் அக்கம்பக்கத்துக் குழந்தை ஒன்றைக் கொல்வேன் என்று சொல்லியிருந்தான். அவனைத் தாயின் பொறுப்பில் விட்டார்கள்; ஒரு நாளுக்குள் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைக் கொன்றான். பெற்றோர் தோற்றார்கள். எந்தக் குழந்தை என்று தெரியாதபோது யாரை எச்சரிப்பது, ஊர் முழுவதும் எச்சரித்தால் அதற்கு என்ன மதிப்பு என்று நீதிமன்றம் கேட்டது. 1985இல் கலிபோர்னியச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் இந்தக் கரையை உறுதி செய்தது: கடுமையான உடல் வன்முறை பற்றிய மிரட்டல் சிகிச்சையாளருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும், இலக்கானவர் யாரென்று அடையாளம் காணக்கூடியவராக இருக்க வேண்டும். அவரிடமும் காவல் துறையிடமும் சொல்ல முயன்றால் சிகிச்சையாளர் பொறுப்பு தீர்ந்தது. இருவரிடமும் என்பதைக் கவனிக்க வேண்டும்; பெர்க்லியின் பாடம் அந்தச் சொல்லில் இருக்கிறது. 2004இல் இன்னொரு நுட்பம் சேர்ந்தது: நோயாளி தம் தந்தையிடம் சொன்ன மிரட்டலைத் தந்தை சிகிச்சையாளரிடம் தெரிவித்தால் அதுவும் கணக்கில் வரும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். போத்தாரின் நண்பரை நினைத்துக்கொள்ளலாம்.

எல்லா மாநிலங்களும் இவ்வழியே வரவில்லை. 1999இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் இந்தக் கடமையை ஏற்க மறுத்தது. மாற்றாந்தந்தையைக் கொல்லத் தோன்றுகிறது, ஆனால் செய்யமாட்டேன் என்று நோயாளி ஒருவர் மனநல மருத்துவரிடம் சொல்லியிருந்தார். மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்ட சில வாரங்களில் செய்துவிட்டார். அந்த மாநிலச் சட்டம் காவல் துறையிடமும் மருத்துவர்களிடமும் சொல்ல அனுமதி தந்திருந்ததே தவிர, குடும்பத்தாரிடம் சொல்ல இடம் தரவில்லை. சட்டம் தடுப்பதைச் செய்யாததற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

இங்கிலாந்தில் 'சொல்லலாம்' என்ற நிலையே நீடித்தது. ஐந்து பேரைக் கொன்று பாதுகாப்பு மருத்துவமனையில் இருந்த ஒருவர், விடுதலைக்கு உதவும் என்று எண்ணித் தம் வக்கீல்கள் மூலம் எக்டெல் என்ற மனநல மருத்துவரிடம் அறிக்கை கேட்டார். வெடிகுண்டுகளில் அவருக்கிருந்த நாட்டத்தைக் கண்டு மருத்துவர் பாதகமாக எழுதினார். வக்கீல்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றனர். அறிக்கை உறைக்குள் உறங்கியிருக்கும். எக்டெல் அதை மருத்துவமனைக்கு அனுப்பினார். அவர் செய்தது சரியே என்று 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அதே அறிக்கையைப் பத்திரிகைக்கு விற்றிருந்தால் சரியாகியிருக்காது என்று முதல் நீதிபதி குறிப்பிட்டிருந்தார். உண்மை ஒன்றுதான், ஆபத்தும் ஒன்றுதான். கேட்பவர் மாறினால் அறம் மாறிவிடுகிறது.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், இருபத்து மூன்றாம் பிரிவில் நோயாளியின் இரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. பிறரை ஊறிலிருந்தும் வன்முறையிலிருந்தும் காக்கத் தேவையானால் வெளியிடலாம் என்பது அதில் ஒரு விலக்கு. அதோடு ஒரு வரம்பும் உண்டு: அந்தக் குறிப்பிட்ட ஊறைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். இதுவும் அனுமதியே, டாராசாஃப் தீர்ப்பு விதித்தது போன்ற கடமையை அந்தப் பிரிவு விதிக்கவில்லை.

*

இத்தனைக்கும் பிறகு, 1969 ஆகஸ்டில் மூரின் நாற்காலியில் இருப்பவர் எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்? இது ஆத்திரப் பேச்சா, திட்டமா என்பது முதல் கேள்வி. ஆத்திரத்துக்கு நாளும் இடமும் கருவியும் இருப்பதில்லை. போத்தாரின் பேச்சில் அவள் திரும்பும் காலம் இருந்தது, துப்பாக்கி இருந்தது. யார் என்பது இரண்டாவது. பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்தது. சிகிச்சையால் மட்டும் இதைத் தணிக்க முடியுமா என்பது மூன்றாவது. முடியாது என்று மூவர் கூடி முடிவு செய்தனர். இந்த மூன்றுக்கும் இப்படி விடை கிடைத்தால் சொல்வது தகும். இதுவரை மூர் சரியாகவே வந்தார்.

நான்காவது கேள்வியில் வழி தவறியது: சொல்லப்படுபவர் அந்த ஆபத்தைத் தடுக்கக் கூடியவரா? இல்லையென்று தெரிந்தால் அடுத்து யார்? ஸ்வென்சன் நோயாளியிடம் சொன்னார், பலிக்கவில்லை, விடுதிக்காரரிடம் போனார். எக்டெல் வக்கீல்களிடம் கொடுத்தார், பலிக்கவில்லை, மருத்துவமனைக்கு அனுப்பினார். பெர்க்லியில் ஒரு கதவு மூடியதோடு எல்லாம் நின்றது. போதாக்குறைக்குத் தட்டிய தடமும் அழிக்கப்பட்டது.

வழக்கின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். போத்தாருக்கு விதிக்கப்பட்ட கொலைத் தண்டனை, நடுவர் குழுவுக்குத் தரப்பட்ட விளக்கம் போதாது என்ற காரணத்தால் 1974இல் நீக்கப்பட்டது. கொலை நடந்து ஐந்தாண்டுகள் கடந்திருந்தன. மீண்டும் விசாரிக்காமல், இந்தியாவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுவித்தார்கள். பெற்றோரின் வழக்கு, கடமை உண்டு என்ற தீர்ப்புக்குப் பின் விசாரணைக்கே வரவில்லை. இரு தரப்பும் வெளியே சமரசம் செய்துகொண்டன. ஆகவே மூரும் அவர் உடனிருந்தோரும் அந்தக் கடமையில் தவறினார்களா என்று எந்த நடுவர் குழுவும் இதுவரை சொல்லவில்லை. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் விதி ஒன்று அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.